இன்வெர்ட்டரில் ஓடும் காற்றாடி ஏன் முனகுகிறது? பியூர் சைனும் மாடிஃபைட் சைனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரண்டு போனதும் இன்வெர்ட்டரைப் போட்டேன். விளக்கு நன்றாக எரிகிறது, கைப்பேசியும் சார்ஜ் ஏறுகிறது. சீலிங் காற்றாடி மட்டும் "ம்ம்ம்" என்று முனகுகிறது. கெட்டுப்போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. கரண்டு திரும்பியதும் அதே காற்றாடி சத்தமில்லாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினால் பழுது காற்றாடியில் இல்லை. இன்வெர்ட்டர் கொடுக்கும் மின்சாரத்தின் வடிவத்தில் இருக்கிறது.

ஜெலுத்தோங்கில் வீட்டு மின்சாமான் பழுது பார்ப்பது என் தொழில். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு வெள்ளத்தில் தத்தளித்த பிறகு, எனக்குத் தெரிந்த பல வீடுகளில் ஒரு பேட்டரியும் சின்ன இன்வெர்ட்டரும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவற்றில் பாதிக்கு மேல் மலிவான மாடிஃபைட் சைன் வகை. அந்த வீடுகளிலிருந்துதான் இந்த முனகல் புகார் வருகிறது.

சுவர் பிளக்கிலிருந்து வரும் மின்சாரத்தில் காற்றாடிக்குள் இருக்கும் இரும்பு வினாடிக்கு 100 முறை இழுபட்டு விடுபடுகிறது. அவ்வளவு தாழ்ந்த அதிர்வு நம் காதில் உறைக்காது. மாடிஃபைட் வகையில் அதோடு 200, 300, 400 என்று மேலே மேலே அதிர்வுகள் சேர்கின்றன. அவை காதுக்கு நன்றாகக் கேட்கும் எல்லைக்குள் வருகின்றன. இரும்புத் தகடும் செம்புச் சுருளும் அந்த வேகத்தில் துடிப்பதைத்தான் முனகலாகக் கேட்கிறீர்கள். சுவரில் இருக்கும் ரெகுலேட்டர் சுருள் வகையாக இருந்தால் அதுவும் கூடச் சேர்ந்து பாடும். அதன்மேல் கை வைத்துப் பாருங்கள், துடிப்பு விரலில் தெரியும்.

மாடிஃபைட் சைன் என்றால் திருத்திய சைன் என்றுதானே பொருள்? அப்படியானால் அது நல்லதுதானே?

பெயர்தான் ஆளை ஏமாற்றுகிறது. அது திருத்திய சைன் இல்லை, கொஞ்சம் நாகரிகப்படுத்திய சதுர அலை.

தெனாகா தரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு 20 மில்லிவினாடி. அந்த நேரத்தில் அழுத்தம் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏறி, சுமார் 325 வோல்ட் உச்சத்தைத் தொட்டு, மெல்ல இறங்கி, எதிர்ப்பக்கத்தில் அதே அளவு போய்த் திரும்பும். கடல் அலை மாதிரி, எங்கும் முறிவு இல்லை. இதுதான் சைன் அலை; பியூர் சைன் இன்வெர்ட்டர் தருவதும் இதைத்தான்.

மாடிஃபைட் வகை இதைப் படிக்கட்டாக்கிவிடுகிறது. 5 மில்லிவினாடி 325 வோல்ட், அடுத்த 5 மில்லிவினாடி ஒன்றுமே இல்லை, அடுத்த 5 மில்லிவினாடி எதிர்ப்பக்கம் 325, பிறகு மறுபடியும் ஒன்றுமில்லை. ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு மெல்லப் போவதில்லை, தாவுகிறது. இந்த அளவுகளில் வைத்தால் உச்சமும் 325 ஆகிறது, சூடாக்கும் திறனை வைத்து அளக்கும் பயன் மதிப்பும் 230 ஆகிறது. அதனால்தான் பெட்டியின்மேல் 230 வோல்ட் என்று தைரியமாக எழுதுகிறார்கள். அதில் பொய் இல்லை.

ஆனால் அந்தப் படிக்கட்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு கூட்டமே இருக்கிறது. உண்மையான 50 ஹெர்ட்ஸ் அலையாக அதில் இருப்பது சுமார் 207 வோல்ட்தான். மிச்சம், 150 ஹெர்ட்ஸில் 69 வோல்ட், 250 ஹெர்ட்ஸில் 41 வோல்ட், 350 ஹெர்ட்ஸில் 30 வோல்ட் என்று சிதறிக் கிடக்கிறது. இந்தச் சிதறலைத் திரட்டி அடிப்படை அலையோடு ஒப்பிட்டால் விகாரம் ஏறக்குறைய 48 சதவீதம். நல்ல பியூர் சைன் இன்வெர்ட்டரில் இது 3 சதவீதத்துக்குள் இருக்கும். இந்தப் பக்கத்தில் இனி நான் சொல்லப்போவது எல்லாமே இந்த 207க்கும் அந்தச் சிதறலுக்கும் வந்து சேரும்.

என் மீட்டரில் 180 வோல்ட்தான் காட்டுகிறது. கடைக்காரரோ 230 என்று சத்தியம் செய்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் சரிதான். மலிவான மீட்டர் உண்மையில் சராசரியை அளந்து, அதை 1.11 ஆல் பெருக்கிக் காட்டுகிறது. சைன் அலைக்கு அந்தப் பெருக்கல் பொருந்தும். படிக்கட்டு அலையின் சராசரி 325இல் பாதி, அதாவது 162 சொச்சம். 1.11 ஆல் பெருக்கினால் 180. உங்கள் மீட்டர் காட்டுவது அதைத்தான். பயன் மதிப்பையே நேராக அளக்கும், 'ட்ரூ ஆர்எம்எஸ்' என்று போட்டிருக்கும் மீட்டரை அதே பிளக்கில் வைத்தால் 230ஐ ஒட்டிக் காட்டும்.

இதை ஒரு சோதனையாகவே நான் பயன்படுத்துகிறேன். என் மேசையில் இரண்டு மீட்டரும் இருக்கின்றன. இன்வெர்ட்டரைப் போட்டு இரண்டிலும் பார்ப்பேன். இரண்டும் ஒரே அளவு காட்டினால் அலை சைன்தான். இரண்டுக்கும் இடையே 40, 50 வோல்ட் வித்தியாசம் வந்தால் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் அது படிக்கட்டு. 'பியூர் சைன்' என்று அச்சடித்த பெட்டி ஒன்று இந்தச் சோதனையில் பிடிபட்டிருக்கிறது. உள்ளே திறந்தால் வடிகட்டும் சுருளே இல்லை.

பிளக்கில் மீட்டர் முனையைச் செருகும்போது கவனம் வேண்டும். இன்வெர்ட்டர் கொடுக்கும் 325 வோல்ட் உச்சம் சுவர் மின்சாரத்தைப் போலவே ஆளைக் கொல்லும்.

காற்றாடி சத்தம் போடுவது போகட்டும். வேகமும் குறைகிறது, நடுக்கிண்ணமும் வழக்கத்தைவிட அதிகம் சுடுகிறது. ஏன்?

மோட்டாரைச் சுற்றவைப்பது அந்த 50 ஹெர்ட்ஸ் பகுதி மட்டுமே. அது 230க்குப் பதில் 207ஆக இருக்கிறது, பத்தில் ஒரு பங்கு குறைவு. இந்த வகை மோட்டாரில் சுழற்றும் விசை வோல்ட்டின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 0.9 ஐ 0.9 ஆல் பெருக்கினால் 0.81. ஆக, ஐந்தில் ஒரு பங்கு விசை எடுத்த எடுப்பிலேயே போய்விடுகிறது. அதனால்தான் 3ஆம் எண்ணில் வைத்தும் 2ஆம் எண்ணின் காற்று வருவதுபோல் இருக்கிறது.

மிச்சமிருக்கும் 150, 250 ஹெர்ட்ஸ் சிதறல் எங்கே போகிறது? சுழலும் பகுதி அந்த வேகத்தைப் பிடிக்கவே முடியாது. அந்த அலைகளைப் பொறுத்தவரை மோட்டார் நின்றுகொண்டிருப்பது மாதிரிதான். நின்ற மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தால் என்ன ஆகும்? சுற்றாது, சூடாகும். சுருளிலும் இரும்பிலும் அந்தச் சக்தி வெறும் சூடாகவே முடிகிறது. நீங்கள் பேட்டரியிலிருந்து கொடுத்ததுதான் அதுவும். காற்றாக வராமல் கிண்ணத்தைச் சுட வைக்கிறது.

காற்றாடிக்குள் ஒரு கெப்பாசிட்டரும் இருக்கிறது, பெரும்பாலும் 2 முதல் 3 மைக்ரோஃபாரட் அளவில், துணைச் சுருளோடு தொடராக. கெப்பாசிட்டர் 50 ஹெர்ட்ஸுக்குக் காட்டும் தடையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் 150 ஹெர்ட்ஸுக்குக் காட்டும். அதாவது வேண்டாத அலைக்குத்தான் கதவு அதிகமாகத் திறக்கிறது. இப்படி ஓடும் கெப்பாசிட்டர் சீக்கிரம் தளர்ந்து, நல்ல கரண்டிலும் காற்றாடி மெதுவாகச் சுற்றும் நிலைக்கு வந்துவிடும். அப்போது புது கெப்பாசிட்டர் போட்டால் சரியாகிவிடும், அதிகச் செலவில்லை. சில காற்றாடிகளில் சுருளுக்குள் வெப்ப ஃபியூஸ் ஒன்று புதைத்திருப்பார்கள். சூடு எல்லை மீறி அது போனால் காற்றாடி மொத்தமாக நின்றுவிடும். அது அவ்வளவு சுலபமான வேலை இல்லை.

எப்போதாவது அரை மணி நேரம் ஓடினால் காற்றாடி செத்துவிடாது. இரவு முழுக்க, மாதத்தில் பல நாள் ஓடும் என்றால்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

அண்ணே, எங்கள் வீட்டில் ரிமோட் காற்றாடி. இன்வெர்ட்டரில் போட்ட இரண்டாம் நாளே கருகல் வாடை வந்து நின்றுவிட்டது. ரிமோட்டில் பேட்டரி மாற்றியும் பயனில்லை. மோட்டார் எரிந்துவிட்டதா?

மோட்டார் எரிந்திருக்க வாய்ப்புக் குறைவு, தம்பி. மேலே கொக்கியை மூடியிருக்கும் கிண்ணத்துக்குள் ரிமோட் கட்டளையை வாங்கும் சின்ன போர்டு ஒன்று இருக்கும். கருகியது அதில் இருக்கும் ஒரே ஒரு ரெசிஸ்டராக இருக்கும். ஆயர் ஈத்தாம் பிளாட் ஒன்றிலிருந்து இதேபோல ஒரு போர்டு என்னிடம் வந்தது. அதை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தின் முழுக் கதையும் அந்த ஒரு ரெசிஸ்டருக்குள் இருக்கிறது.

அந்தப் போர்டுக்கு 5 வோல்ட், 12 வோல்ட் என்று சிறு அழுத்தம் போதும். அதற்காக டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் இடமும் செலவும் கூடும். எனவே 230 வோல்ட் வரும் வழியில் ஒரு கெப்பாசிட்டரைக் குறுக்கே நிறுத்தி, அதன் வழியாகக் கசியும் சிறு மின்சாரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். போர்டில் பெரிய செவ்வகப் பெட்டியாகத் தெரிவது அதுதான். என் கைக்கு வந்ததில் 1 மைக்ரோஃபாரட். அதோடு தொடராக 47 ஓம், 1 வாட் ரெசிஸ்டர்.

சைன் அலையில் என்ன நடக்கிறது? கெப்பாசிட்டர் 50 ஹெர்ட்ஸுக்குச் சுமார் 3,180 ஓம் தடை காட்டுகிறது. ஓடுவது 72 மில்லிஆம்பியர். 47 ஓம் ரெசிஸ்டரில் சூடு கால் வாட். 1 வாட் தாங்கும் சாமானுக்குக் கால் வாட் ஒரு பொருட்டே இல்லை; பத்து வருடமானாலும் இருக்கும்.

படிக்கட்டு அலையில் கணக்கே வேறு. அழுத்தம் 0இலிருந்து 325க்குத் தாவும் நொடியில் கெப்பாசிட்டர் காலியாக இருக்கிறது. அந்த நொடிக்கு மின்சாரத்தைத் தடுப்பது 47 ஓம் மட்டுமே. 325 ஐ 47 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 7 ஆம்பியர். மில்லிஆம்பியருக்காகச் செய்த சுற்றில் 7 ஆம்பியர் அடி! கண் இமைப்பதற்குள் தணிந்துவிடும், ஆனால் தாவல் ஒவ்வொன்றுக்கும் திரும்ப வரும். ஒரு சுற்றில் நான்கு தாவல், வினாடிக்கு 50 சுற்று, ஆக வினாடிக்கு 200 அடி.

ஒரு கெப்பாசிட்டரை ரெசிஸ்டர் வழியாகத் திடீரென்று நிரப்பினாலும், நிரம்பியதைத் திடீரென்று காலி செய்தாலும், ஒவ்வொரு முறையும் C × V² / 2 அளவு சக்தி ரெசிஸ்டரில் சூடாகப் போகும். C என்பது கெப்பாசிட்டரின் அளவு, V என்பது தாவும் வோல்ட்; எத்தனை ஓம் என்பது பொருட்டில்லை. இங்கே அது 0.053 ஜூல். 200 ஆல் பெருக்கினால் சுமார் 10.5 வாட். கால் வாட் சுமந்துகொண்டிருந்த ரெசிஸ்டரின்மேல் பத்து வாட் ஏறுகிறது, நாற்பது மடங்கு. இன்வெர்ட்டரின் தாவல் சற்றுச் சரிவாக இருந்தால் இது குறையும். பாதியாகக் குறைந்தாலும் ஐந்து வாட். 1 வாட் ரெசிஸ்டர் தாங்காது.

நான் பார்த்த போர்டில் அந்த ரெசிஸ்டர் இருந்த இடம் காப்பிக்கறைபோல் பழுப்பேறி, நடுவில் கரி பிடித்திருந்தது. அடுத்திருந்த ஸீனர் டயோடும் ஒட்டிப்போயிருந்தது. மற்ற எல்லாம் நன்றாக இருந்தன. இரண்டையும் மாற்றினேன். தெனாகா கரண்டில் ரிமோட் உடனே வேலை செய்தது. மீண்டும் அதே இன்வெர்ட்டரில் போடாதீர்கள் என்று சொல்லித்தான் கொடுத்தேன். போர்டை மாற்றுவதற்கு முன் பழுது பார்ப்பவரிடம் இந்த இரண்டு சாமானையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இதே சுற்று வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று வீட்டைச் சுற்றிப் பாருங்கள். படுக்கையறை இரவு விளக்கு, பிளக்கில் செருகும் டைமர், அசைவு தெரிந்து எரியும் வாசல் விளக்கு. மலிவான, சின்னச் சாமான்களில்தான் இது அதிகம். பெரிய டிவி தப்பித்து, சின்ன இரவு விளக்கு புகைவது இதனால்தான்.

ரிமோட் போர்டு தப்பித்துவிட்டது, ஆனால் வேகம் மாற்றினால் ஒன்று மெதுவாக, இல்லையென்றால் முழு வேகம். நடுவில் நிற்பதில்லை.

உங்கள் போர்டு ட்ரையாக் என்ற மின்னணு ஸ்விட்சை வைத்து வேகத்தைக் குறைக்கும் வகை. அலையின் ஏற்றத்தில் எந்த இடத்தில் திறப்பது என்பதைத் தள்ளித் தள்ளித்தான் அது வேகத்தை அளக்கும். படிக்கட்டு அலையில் ஏற்றமே இல்லையே! பூஜ்யமாக இருக்கும் 5 மில்லிவினாடிக்குள் திறக்கச் சொன்னால் ட்ரையாக் பிடிக்காது, அதற்கு வெளியே சொன்னால் நேராக 325இல் திறக்கும். பியூர் சைனில் எல்லா எண்ணும் பழையபடி கிடைக்கும்.

அப்படியானால் டிசி மோட்டார் காற்றாடி வாங்கிவிட்டால் எந்த இன்வெர்ட்டரும் போதுமா?

மோட்டார் அளவில் ஆமாம். டிசி காற்றாடி வரும் மின்சாரத்தை முதலில் நேர் மின்சாரமாக்கி, பிறகு தன் அலையைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. வேகம் குறையாது. முனகல் வந்தாலும் லேசாகத்தான் இருக்கும். சாதாரணக் காற்றாடி எடுப்பதில் பாதி மின்சாரமே எடுக்கும் என்பதால் பேட்டரியும் நீடிக்கும். கரண்டு இல்லாத நேரத்துக்கென்று புதுக் காற்றாடி வாங்குவதாக இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் அதன் நுழைவாயிலிலும் வடிகட்டும் கெப்பாசிட்டர் உண்டு. தாவல் அடி அதன்மேல் விழத்தான் செய்யும்.

'இன்வெர்ட்டர் ஏர்கான்', 'இன்வெர்ட்டர் ஐஸ்பெட்டி' என்று சொல்வதும் இந்த மாதிரி உள்ளே தன் அலையை உண்டாக்கும் மோட்டாரைத்தான். பேட்டரியில் ஓடும் இன்வெர்ட்டருக்கும் அதற்கும் பெயர்தான் ஒன்று.

ரௌட்டர், லேப்டாப், டிவி? இவற்றுக்கும் பியூர் சைன் கட்டாயமா?

கைப்பேசி சார்ஜரும் ரௌட்டர் அடாப்டரும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அவை வரும் அழுத்தத்தின் உச்சத்தைப் பிடித்து நேர் மின்சாரமாக்கிச் சேமிப்பவை. படிக்கட்டிலும் உச்சம் 325 இருப்பதால் அவற்றுக்குப் பசி அடங்கிவிடுகிறது. அடாப்டர் கொஞ்சம் கூடுதலாகச் சுடும், காதை ஒட்டி வைத்தால் 'ஸ்ஸ்' என்று கேட்கும்.

பெரிய கம்ப்யூட்டர், பெரிய டிவி, கேமிங் லேப்டாப் வேறு ரகம். இவற்றின் மின்பகுதியில் வரும் அலையின் வடிவத்தைப் பின்தொடர்ந்து மின்சாரம் இழுக்கும் சுற்று ஒன்று இருக்கும். அலை பூஜ்யத்தில் 5 மில்லிவினாடி படுத்துக் கிடந்தால் அது தடுமாறும். சில அணைந்துபோகும், சில இன்வெர்ட்டரையே ஓவர்லோடு என்று நிறுத்தவைக்கும். 200 வாட் கம்ப்யூட்டர் 500 வாட் மாடிஃபைட் பெட்டியில் நிற்காமல் போனதைப் பார்த்திருக்கிறேன். வாட் கணக்கில் இடம் இருந்தது, வடிவம்தான் ஒத்துவரவில்லை.

ஒலிபெருக்கிக்கு ஒத்தே வராது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகும் வழியில் தண்ணீர் பந்தல் போடும் இளைஞர்கள் சிலர் ஒருமுறை வேன் பேட்டரியில் மாடிஃபைட் இன்வெர்ட்டரைக் கட்டி ஆம்ப்ளிஃபையரை ஓட்டினார்கள். பாட்டு நின்ற இடைவெளியிலெல்லாம் வண்டு குடைவதுபோல் இரைச்சல். கம்பியை மாற்றினார்கள், மைக்கை மாற்றினார்கள், போகவில்லை. தாவலின் கூர்மை கம்பிக்குக் கம்பி தொடாமலே பாயும்; அதைக் கம்பி மாற்றித் தடுக்க முடியாது. பியூர் சைன் பெட்டி ஒன்றை இரவல் வாங்கிப் போட்டதும் பாட்டு மட்டும் கேட்டது.

ஐஸ்பெட்டியும் வீட்டுத் தண்ணீர் பம்பும் ஓட வேண்டும். மாடிஃபைட்டில் முயலலாமா?

வேண்டாம். பழைய வகை ஐஸ்பெட்டியின் கம்ப்ரஸர் ஓடும்போது 120 வாட் எடுத்தாலும், கிளம்பும் கணத்தில் ஐந்து முதல் எட்டு மடங்கு கேட்கும். அந்தக் கணத்தில்தான் ஐந்தில் ஒரு பங்கு விசை குறைகிறது. கிளம்பாமல் 'ஊம்' என்று நின்று, உள்ளிருக்கும் பாதுகாப்பு 'டிக்' என்று வெட்டும். ஆறியதும் மீண்டும் முயலும், மீண்டும் வெட்டும். சில நிமிடத்துக்கு ஒருமுறை 'டிக்' கேட்டால் உடனே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். அப்படியே விட்டால் கம்ப்ரஸர் சுருள் போகும். அது போனால் ஐஸ்பெட்டியே போனமாதிரி. பம்புக்கும் இதே கதைதான்.

வீட்டில் ஆக்சிஜன் எந்திரமோ நெபுலைசரோ வைத்திருப்பவர்கள் பியூர் சைனைத் தவிர வேறு எதையும் நினைக்கவே கூடாது. அவற்றிலும் கம்ப்ரஸர் மோட்டார்தான். விசை குறைந்தால் குறைவது நோயாளிக்குப் போகும் காற்று.

எதற்குமே உதவாது என்கிறீர்களா? நான் வாங்கிவிட்டேனே.

அப்படிச் சொல்லவில்லை. சூடேறி வேலை செய்யும் சாமானுக்கு வடிவம் ஒரு பொருட்டில்லை. சாலிடரிங் இரும்பு, பழைய குண்டு பல்பு இரண்டும் 230இன் முழுப் பயனையும் எடுத்துக்கொள்ளும். கார்பன் பிரஷ் போட்ட கை டிரில் ஓடும். கைப்பேசி, ரௌட்டர், சாதாரண லேப்டாப் சார்ஜர் ஓடும். பசார் மாலாமில் சில எல்இடி விளக்குக்கு மட்டும் வைத்திருந்தால் அதுவே போதும், விளக்கு மலிவான கெப்பாசிட்டர் வகையாக இல்லாதவரை. காற்றாடியை மட்டும் அதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கடையில் பெட்டியைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

'பியூர் சைன்', 'ட்ரூ சைன்' என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். 'சிமுலேட்டட் சைன்', 'குவாஸி சைன்', 'ஸ்டெப்டு அப்ராக்ஸிமேஷன்' எல்லாம் படிக்கட்டுக்கு வைத்த வேறு வேறு பெயர்கள். கம்ப்யூட்டருக்கு விற்கும் சின்ன யுபிஎஸ்ஸில் 'சிமுலேட்டட் சைன்' என்ற பெயரை அதிகம் பார்க்கலாம். 'சைன் வேவ்' என்று மட்டும் போட்டு முன்சொல் இல்லாவிட்டால் கேளுங்கள். விகாரம் எத்தனை சதவீதம் என்று விவரப் பட்டியலில் எழுதியிருந்தால் நம்பிக்கை கூடும்.

அதைவிட நல்லது, கடையிலேயே சாதாரண ஏசி மோட்டார் மேசைக் காற்றாடி ஒன்றை அதில் செருகச் சொல்லி, குறைந்த வேகத்தில் வைத்துக் காதைக் கொடுப்பது. சுவர் பிளக்கில் ஒருமுறை, இன்வெர்ட்டரில் ஒருமுறை. வித்தியாசம் தெரியாவிட்டால் வாங்குங்கள். இரண்டு மீட்டர் சோதனையும் செய்ய விட்டால் சந்தேகமே இல்லை.

இவ்வளவு விலை வித்தியாசம் எதற்கு? இரண்டும் பேட்டரியை 230 ஆக்குவதுதானே?

மாடிஃபைட் பெட்டியில் கடைசி நான்கு ஸ்விட்சுகள் வினாடிக்கு 50 சுற்றுதான் திறந்து மூடுகின்றன, அவ்வளவுதான். பியூர் சைனில் அதே ஸ்விட்சுகள் வினாடிக்குப் பல ஆயிரம் முறை, இருபதாயிரம் வரைகூட, திறந்து மூடும். ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை ஒரு சிப் அளந்து அளந்து மாற்றும். அலையின் உச்சியில் நீளமாக, ஓரத்தில் குறுகலாக. அப்படி வரும் துண்டுகளை ஒரு சுருளும் கெப்பாசிட்டரும் வழித்து மழுப்பினால்தான் வழவழப்பான சைன் கிடைக்கிறது. வேகமான ஸ்விட்ச், சிப், வடிகட்டும் சுருள், இவற்றுக்குத்தான் கூடுதல் வெள்ளி.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். இந்த வேலையெல்லாம் எதுவும் செருகாதபோதும் நடந்துகொண்டே இருப்பதால், சும்மா இருக்கும்போதும் சில வாட் தின்னும். தேவையில்லாதபோது அணைத்து வையுங்கள்.

ஒரு காற்றாடி, ரௌட்டர், ஒரு விளக்கு, ஒரு லேப்டாப். எத்தனை வாட் வாங்குவது, எவ்வளவு நேரம் ஓடும்?

காற்றாடி 70, ரௌட்டர் 12, விளக்கு 10, லேப்டாப் 60, மொத்தம் 152 வாட். பியூர் சைனில் 300 வாட் தாராளம். ஐஸ்பெட்டியும் சேர்ந்தால் கிளம்பும் கணத்துக்காக 1,000 வாட்டுக்கு மேல் போக வேண்டியிருக்கும்.

12 வோல்ட், 100 ஆம்பியர் மணி ஈய பேட்டரியில் 1,200 வாட் மணி இருக்கிறது. பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும், எனவே 600 என்று வையுங்கள். இன்வெர்ட்டருக்குள் போகும் இழப்பைக் கழித்தால் சுமார் 520. அதை 152 ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

இதோடு ஒரு எச்சரிக்கை. இரண்டு பக்கமும் பிளக் வைத்த கம்பியால் இன்வெர்ட்டரைச் சுவர் சாக்கெட்டில் செருகி வீடு முழுக்க ஓட்ட நினைக்காதீர்கள். கரண்டு திரும்பினால் இன்வெர்ட்டர் வெடிக்கும்; அதற்குமுன் வெளியே தெனாகா கம்பியில் கை வைத்திருக்கும் ஆளுக்கு உயிராபத்து. வீட்டு வயரிங்கில் சேர்ப்பதாக இருந்தால் பதிவு பெற்ற வயர்மேன் வந்து மாற்று ஸ்விட்ச் போட வேண்டும்.

என்னிடம் இருக்கும் மாடிஃபைட் பெட்டியின் வாசலில் ஒரு பெரிய கெப்பாசிட்டரைக் குறுக்கே வைத்தால் படிக்கட்டு வழவழப்பாகிவிடாதா? நண்பர் அப்படித்தான் சொன்னார்.

தயவுசெய்து செய்யாதீர்கள். ரிமோட் போர்டில் 1 மைக்ரோஃபாரட் 10.5 வாட் சூடு கிளப்பியது நினைவிருக்கிறதா? நண்பர் சொன்னபடி 10 மைக்ரோஃபாரட் வைத்தால் அது 105 வாட். இம்முறை அது எரிப்பது இன்வெர்ட்டரின் சொந்த ஸ்விட்சுகளை. பழைய டியூப் லைட் சட்டத்தில் இருக்கும் 4 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டருக்குக்கூட 40 வாட்டுக்கு மேல் இப்படி வீணாகும். அந்த மாதிரி இரண்டு சட்டத்தைச் செருகியதும் ஒரு சின்ன இன்வெர்ட்டர் அலறி அணைந்ததை நானே பார்த்தேன்.

சுருளும் கெப்பாசிட்டரும் சேர்த்து முறையாக வடிகட்டலாம், கணக்குப்படி அது முடியும். ஆனால் 150 ஹெர்ட்ஸை வடிகட்டும் சுருள் செங்கல் கனத்தில் இருக்கும். செலுத்தும் சுமை மாறினால் வோல்ட்டும் ஆடும். அந்தச் செலவுக்கு 300 வாட் பியூர் சைன் பெட்டியே வாங்கிவிடலாம். காற்றாடியை அதில் போட்டுவிட்டு, பழையதை ரௌட்டருக்கும் கைப்பேசிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.